காலண்டர் தாளின் பின்பக்கம்

திண்டிவனத்தில் சவுரியம்மாள் டீச்சர் வீட்டுச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். அதன் தாளை வேறு யாரும் கிழிக்கக் கூடாது. வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான், அவளும் அவள் அப்பா ராயப்பனும். ஒருநாள் ராயப்பன் புகையிலை மடிக்க ஒரு தாளைக் கிழித்துவிட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு அவள் செய்ததை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். காலையில் தாளைக் கிழிப்பாள். தேதி இருக்கும் பக்கத்தில், எமகண்டம் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் கிடைக்கிற இடத்தில், மனசுக்குத் தோன்றிய ஒரு பின்னத்தை எழுதுவாள். மேலே x கலந்த ஒரு கோவை, கீழே இன்னொன்று. அடுப்பில் கேப்பைக் கூழ் கொதிப்பதற்குள் அந்தப் பின்னத்தை வகையிட்டு, அதாவது டிஃபரன்ஷியேட் பண்ணி, வந்த விடையைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிவிடுவாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்பக்கத்தை மட்டும் பார்ப்பாள். பார்த்தவுடன் முன்பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தாள் கம்பிக்குப் போகும். மளிகைக்கடையில் ரசீது குத்தி வைப்பார்களே, அந்த மாதிரிக் கொக்கிக் கம்பி. சொல்ல முடியாவிட்டால் மறுநாளும் அதே தாள்தான்.

பின்னத்தை வகையிடும் விதி பி.ஏ. கணிதம் படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழே இருப்பதைத் தொடாமல் வைத்து மேலே இருப்பதை வகையிட்டுப் பெருக்கு. மேலே இருப்பதைத் தொடாமல் வைத்துக் கீழே இருப்பதை வகையிட்டுப் பெருக்கு. முதலிலிருந்து இரண்டாவதைக் கழி. மொத்தத்தையும் கீழே இருப்பதன் வர்க்கத்தால் வகு. போகும்போது யாருக்கும் தடுமாற்றமில்லை. திரும்பி வரும்போதுதான் கஷ்டம். கழித்த பிறகு பாதி உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போயிருக்கும். எஞ்சியதைப் பார்த்து, இது எந்தப் பின்னத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது சுலபமில்லை. சவுரியம்மாள் இரண்டு வருஷம் தினம் ஒன்றாக அதைத்தான் பழகினாள்.

அவள் அந்த ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் செகண்டரி கிரேடு டீச்சர். நாலாவது, ஐந்தாவது வகுப்பு. சொந்த ஊர் பெருமுக்கல் பக்கம். ராயப்பன் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கி வளர்த்த பெண். அந்தத் தெருவில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் பெண்ணும் அவள்தான். டீச்சர் வேலையில் இருப்பவர்கள் கல்லூரிக்குப் போகாமலே பி.ஏ. எழுதலாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. கணிதம்தான் வேண்டும் என்று நின்றாள். சரித்திரம் எடுத்தால் சுலபம் என்று சொன்னவர்களிடம், சரித்திரத்தில் ராஜாக்கள் அதிகம் என்று சொல்லிவிட்டாள்.

ஐம்பத்தேழில் எழுதினாள், போயிற்று. ஐம்பத்தெட்டில் எழுதினாள், அதுவும் போயிற்று. இரண்டு தடவையும் காலை வாரியது ஒரே பேப்பர்தான், கால்குலஸ். எங்கே மார்க் போனது என்று யுனிவர்சிட்டி யாருக்கும் சொல்லாது. அவளே ஒரு முடிவு கட்டினாள். தொகையிட்ட, அதாவது வகையிட்டதிலிருந்து திரும்பிப் போய் மூலத்தைக் கண்டுபிடித்த, விடைக்குப் பின்னால் போட வேண்டிய மாறிலியை, அந்த ‘+ C’யை, அவசரத்தில் பல இடங்களில் விட்டிருக்கிறோம். அதிலிருந்து அவளுக்கு ஒரு விநோதப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. விடை எழுதும் வரியில் முதலில் வலது ஓரத்தில் ‘+ C’ என்று போடுவாள். அப்புறம்தான் இடது பக்கம் வந்து விடையை எழுதுவாள்.

“இன்னாங்க டீச்சரம்மா, இலை போடறதுக்கு முன்னாடியே தாம்பூலம் வெக்கிறீங்க?” என்று பாண்டுரங்கன் கேலி செய்வார்.

பாண்டுரங்கன் விழுப்புரம் ஜங்ஷனில் புக்கிங் கிளார்க். அவரும் பி.ஏ. கணிதம், அவருக்கும் மூன்றாவது தடவை. இவர்களோடு கண்டமங்கலத்து வாத்தியார் தேவசகாயம், வயதில் சின்னவர். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இந்த மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்தில் பாண்டுரங்கனின் ரயில்வே குவார்ட்டர்ஸில் கூடுவார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சவுரியம்மாள் திண்டிவனத்தில் பாசஞ்சரைப் பிடித்து வந்துவிடுவாள். பாண்டுரங்கனின் மனைவி பாஞ்சாலி காபி கொடுத்துவிட்டு, இவர்கள் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் யார் ஜெயிக்கிறார்கள் என்பது மட்டும் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிறு பாண்டுரங்கன் ஒரு கணக்கில் அரைமணி நேரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

(log x − 1) / (log x)²

இதைத் தொகையிட வேண்டும். அவர் இரண்டாகப் பிரித்துப் போட்டார். ஒன்றும் அசையவில்லை.

“பிரிச்சீங்கன்னா ரெண்டுமே தனியா வராதுங்க சார். சேர்த்தே பாருங்க” என்றாள் சவுரியம்மாள். “கீழ இருக்கறது ஸ்கொயர். அப்போ பின்னத்துல கீழ log x இருந்திருக்கணும். நியூமரேட்டர்ல அந்த log x தொடாம அப்படியே நிக்குது. அதோட பெருக்கினது ஒண்ணு. எதை டிஃபரன்ஷியேட் பண்ணா ஒண்ணு வரும்?”

“x.”

“அப்போ மேல x. மிச்சம் அந்த மைனஸ் ஒண்ணு. x-ஐ தொடாம வெச்சி log x-ஐ டிஃபரன்ஷியேட் பண்ணா, x இன்ட்டு ஒன் பை x. ரெண்டும் அடிச்சிக்கினு ஒண்ணா நிக்குது. அதனாலதான் உங்க கண்ணுக்குத் தெரியல.”

விடை x / log x. பாண்டுரங்கன் அதைத் திரும்ப வகையிட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. தேவசகாயம் சும்மா இருக்கவில்லை.

“அக்கா, மேல அதே log x மைனஸ் ஒண்ணுதான். ஆனா கீழ x ஸ்கொயர்னு குடுத்தான்னா?”

“அப்போ கீழ x, மேல log x. தொடாம நிக்க வேண்டியது x. x இன்ட்டு ஒன் பை x, அது ஒண்ணு, முன்னாடி வரும். log x பின்னாடி மைனஸ்ல வரும். இவன் குடுத்தது தலைகீழா இருக்குது. அதனால விடைக்கு முன்னாடி ஒரு மைனஸ் போடணும். மைனஸ் log x பை x.”

“கீழ எது நிக்குதுன்னு பாத்துட்டுத்தான் வாயத் தொறக்கணும் போல” என்றார் பாண்டுரங்கன். அவள் சொன்ன வழியை அவர் மதித்தார், ஆனால் நம்பவில்லை. “இது உங்களுக்கு ஞாபகசக்தியில வர்றதுங்க. எனக்கு முறைப்படி போட்டாத்தான் தூக்கம் வரும்” என்பார். அவருக்கு எல்லாவற்றையும் ஒரு t-க்குச் சமமாகப் போட்டு, அந்த t வழியாக விடைக்குப் போக வேண்டும்.

ஐம்பத்தொன்பது செப்டம்பரில் மூன்றாவது தடவை எழுதினார்கள். பழைய பாடத்திட்டத்துக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இது போனால் முதலிலிருந்து கல்லூரியில் சேர்ந்து மூன்று வருஷம் உட்கார்ந்து படிக்க வேண்டும். சவுரியம்மாளால் அது ஆகாது. போதாததற்கு அந்தச் சமயத்தில்தான் அவள் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஜூனிலிருந்து ஒன்பதாம் வகுப்பு. கணக்குக்கு ஒரு பட்டதாரி வேண்டும்.

கால்குலஸ் பேப்பர் ஒரு செவ்வாய்க்கிழமை, கடலூரில். ஆறாவது கேள்வி, எட்டு மார்க்:

(x² − 1) / (x² + x + 1)²

பார்த்தவுடன் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள், கம்பியில் குத்தியிருக்கிறாள். கீழே x² + x + 1. மேலே x² + 1. வலது ஓரத்தில் ‘+ C’ போட்டாள். இடது பக்கம் வந்து,

(x² + 1) / (x² + x + 1)

என்று எழுதினாள். அதற்கு மேல் ஒரு வரி, ‘இது ஒரு பின்னத்தின் வகைக்கெழு’ என்று ஆங்கிலத்தில். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். ஹாலை விட்டு வெளியே வந்தபோது அவளுக்கு உடம்பு காற்றாக இருந்தது. இரண்டு வருஷமாகத் தோளில் சுமந்ததைக் கடலூரிலேயே இறக்கி வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த நிம்மதிக்குக் கடலூர் ஸ்டேஷன் வரைதான் ஆயுள்.

பரீட்சை எழுதியவர்கள் ரயிலில் சும்மா வர மாட்டார்கள். எழுதியது எழுதியாகிவிட்டது, இனி ஒரு எழுத்தை மாற்ற முடியாது என்று தெரிந்தும் விடைகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர வேண்டும். விழுப்புரம் பாசஞ்சர் கிளம்பியதும் பாண்டுரங்கன் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து ஆறுக்கு வந்தார்.

“மைனஸ் x பை x ஸ்கொயர் பிளஸ் x பிளஸ் ஒண்ணு. சரிதானே?”

“எனக்கும் அதான்” என்றார் தேவசகாயம்.

சவுரியம்மாளுக்குச் சுருக்கென்றது. “எனக்கு வேறங்க. மேல x ஸ்கொயர் பிளஸ் ஒண்ணு. மைனஸே இல்ல.”

பாண்டுரங்கன் அவளுடைய கேள்வித்தாளையே வாங்கி, ஓரத்தில் போட்டுக் காட்டினார். மேலும் கீழும் x² ஆல் வகுத்தார். மேலே 1 − 1/x². கீழே x + 1 + 1/x, அதற்கு வர்க்கம். அந்த x + 1 + 1/x தான் t. அதை வகையிட்டால் மேலே இருப்பதே வருகிறது. ஆகவே விடை −1/t. திரும்ப எழுதினால் −x / (x² + x + 1). எங்கேயும் ஓட்டை இல்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது.

“ரெண்டும் ஒண்ணாவே இருக்கலாமே? உருவம் மட்டும் வேறயா இருக்கலாம்” என்று அவள் ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தாள்.

“x-க்கு ஜீரோ போடுங்க. உங்களுக்கு ஒண்ணு வருது. எனக்கு ஜீரோ.” எழுதினார். “ஒண்ணு போடுங்க. உங்களுக்கு ரெண்டு பை மூணு. எனக்கு மைனஸ் ஒண்ணு பை மூணு.” அதையும் எழுதினார். “ஒரு இடத்துலயும் ஒட்டலீங்களே.”

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முகம் நிஜமாகவே வாடிப்போயிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம்.

“விடுங்கக்கா, எட்டு மார்க்தானே” என்றார் தேவசகாயம்.

எட்டு மார்க்தான். பாஸுக்கு முப்பத்தைந்து. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் அவள் கூட்டினால், ஆறாவது கேள்வி இல்லாமல் இருபத்தொன்பது வந்தது. அதோடு சேர்த்தால் முப்பத்தேழு. பாதி தூரம் தாண்டுவதற்குள் நான்கு தடவை கூட்டிப் பார்த்துவிட்டாள். கூட்டல் ஒவ்வொரு தடவையும் சரியாகவே இருந்தது.

விழுப்புரத்தில் இறங்கி, திண்டிவனம் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கேள்வித்தாளை நாலாக மடித்துப் பையின் அடியில் தள்ளினாள். வழியெல்லாம் ஒரே நினைப்பு. யோசித்தா எழுதினோம்? இல்லை. ஏதோ ஒரு காலண்டர் தாளை நினைத்துக்கொண்டு எழுதினோம். அந்தத் தாளிலேயே பெருக்கலைத் தப்பாகப் போட்டிருந்தால்? ஒரு தப்பை இரண்டு வருஷம் பத்திரமாகக் கம்பியில் குத்தி வைத்திருந்தால்? வீட்டுக்குப் போனால் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிடலாம். ஆனால் அவள் பார்க்கவில்லை. இதுவரை தப்பாக இருக்கலாம் என்றுதான் இருக்கிறது, பார்த்துவிட்டால் தப்பு என்றே ஆகிவிடும். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் மூன்று தடவை ஒரே பேப்பரை எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

புதன்கிழமை தலைமையாசிரியை தையல்நாயகி அம்மாள் அவளைக் கூப்பிட்டார். நல்லவர், ஆனால் பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் கமிட்டி கூடுது சவுரி. கணக்கு டீச்சர் போஸ்ட்டுக்கு மெட்ராஸ்லேருந்து ஒரு பொண்ணு அப்ளை பண்ணியிருக்கு. எனக்கு உன்னைப் போடணும்னு ஆசை. ஆனா ரிசல்ட் வர ரெண்டு மூணு மாசம் ஆவும். பாஸாயிடுவேன்னு உன் வாயால சொல்லு, ஜூன் வரைக்கும் அந்த இடத்தைப் புடிச்சி வெக்கிறேன். சந்தேகம்னா அதையும் இப்பவே சொல்லிடு. நாளைக்கு நான் கமிட்டி முன்னாடி தலைகுனிஞ்சி நிக்கக் கூடாது.”

“வெள்ளிக்கிழமை காலையில சொல்றேங்கம்மா.”

“வரும்போது கொஸ்டின் பேப்பரையும் எடுத்துக்கினு வா. நீ எந்தக் கேள்வி எழுதினேன்னு அவங்க கேப்பாங்க.”

பொய் சொல்லலாம். ‘பாஸாயிடும்’ என்று ஒரு வார்த்தை, தலை தப்பும். பிறகு ரிசல்ட் வரும்போது வரட்டும். வியாழக்கிழமை முழுக்க அந்த வார்த்தையை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். வெளியே வர மறுத்தது. நாலாம் வகுப்பில் காப்பியடித்த பெண்ணை முட்டி போட வைத்தவள் அவள். முடியாது என்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்து, அன்றைக்கு அழுது தீர்த்தாள். ராயப்பன் கேட்டதற்குத் தலைவலி என்றாள். அவர் சுக்கு இடித்துப் பற்றுப் போட்டார். அதற்கும் சேர்த்து அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை ராயப்பன் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். சவுரியம்மாள் புடவை மாற்றிக்கொண்டு, கேள்வித்தாள் நினைவு வந்து பையைக் கவிழ்த்தாள். நாலு மடிப்பையும் பிரித்தாள். கசங்கலை நீவினாள். ஓரத்தில் பாண்டுரங்கனின் பென்சில் எழுத்து, ரயில் ஆட்டத்தில் கோணல்மாணலாக.

ஜீரோவுக்கு: 1, 0.

ஒன்றுக்கு: 2/3, −1/3.

அவற்றைப் பார்க்க விரும்பவில்லை. ஆனால் எண் என்றால் அவள் கண் நின்றுவிடும். ஒன்றுக்கும் ஜீரோவுக்கும் இடைவெளி ஒன்று. மூன்றில் இரண்டுக்கும் மைனஸ் மூன்றில் ஒன்றுக்கும் இடைவெளி?

அதுவும் ஒன்று.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புதுப் புடவை மடிப்பெல்லாம் போயிற்று. x-க்கு இரண்டு போட்டாள். அவளுக்கு 5/7. அவர்களுக்கு −2/7. இடைவெளி ஒன்று. மைனஸ் ஒன்று போட்டாள். அவளுக்கு 2, அவர்களுக்கு 1. மறுபடியும் ஒன்று. எந்த எண்ணைப் போட்டாலும் அவள் விடை அவர்கள் விடையைவிடச் சரியாக ஒன்று அதிகம். கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

பென்சிலை எடுத்து அவர்களுடைய விடையை வகையிட்டாள். மேலே −x, கீழே x² + x + 1. கீழைத் தொடாமல் மைனஸ் ஒன்றால் பெருக்கினால் −x² − x − 1. கழிக்க வேண்டியது −x பெருக்கல் 2x + 1, அதாவது −2x² − x. கழித்தால் x² − 1. சரி. அடுத்து அவளுடையதையும் வகையிட்டாள். 2x பெருக்கல் x² + x + 1 என்பது 2x³ + 2x² + 2x. கழிக்க வேண்டியது x² + 1 பெருக்கல் 2x + 1, அதாவது 2x³ + x² + 2x + 1. கழித்தால் மிஞ்சுவது

x² − 1.

இரண்டும் சரி. கடைசியாக, செவ்வாய்க்கிழமை ரயிலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். தன் விடையிலிருந்து அவர்கள் விடையைக் கழித்தாள். மேலே x² + 1, அதோடு x சேர்ந்தது. x² + x + 1. கீழேயும் அதேதான். அடித்தால் 1.

இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு மாறிலி நிற்கிறது, மாறாத வெறும் எண்; அதை வகையிட்டால் ஜீரோதான். மேலே இருப்பதோடு கீழே இருப்பதையே ஒரு மடங்கு கூட்டினால் பின்னம் ஒன்றால் ஏறும், வகைக்கெழு அசையாது. இது அவளுக்குத் தெரியாததா? இதற்குத்தானே அந்த ‘+ C’ என்று நாலாம் வகுப்புக் குழந்தையிடம்கூடச் சொல்லிவிடுவாள். ரயிலில் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. பரீட்சை எழுதிவிட்டு வந்த மூன்று கணிதக்காரர்களுக்கு அந்த நேரத்தில் இருந்த புத்தி அவ்வளவுதான்.

அடுத்த விநாடியே ஒரு சந்தேகம். C போட்டோமா? அது இல்லாமல் வெறும் x² + 1 என்று விட்டிருந்தால், திருத்துகிறவர் தன் விடைத்தாளில் −x என்று பார்த்து, வேறு விடை என்று ஒரே கோடாகக் கிழித்துவிடுவார். C இருந்தால்தான் அது இதையும் சேர்த்துச் சொல்கிறது என்று யோசிப்பார். கண்ணை மூடினாள். ஹால் தெரிந்தது, வரி தெரிந்தது. வலது ஓரத்தில் முதலில் எழுதியது தெரிந்தது. அதை மறக்க அவளால் முடியாது. அதை எழுதாமல் அவள் கைக்கு இடது பக்கம் வரவே தெரியாது.

சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை.

“இன்னா சவுரி?” ராயப்பன் முறத்தைக் கீழே வைத்தார். “நேத்து அழுவற, இன்னிக்கு சிரிக்கிற. பேஜாரா கீதே.”

“தலைவலி போயிடுச்சிப்பா.”

“சுக்குன்னா சுக்குதான்” என்று அவர் திருப்தியாக மறுபடி உடைக்க ஆரம்பித்தார்.

புறப்படும் முன் கம்பியிலிருந்து தாள்களை உருவித் தேடினாள். போன வருஷத்து ஆகஸ்டில் இருந்தது. முன்பக்கத்தில் x² + 1, கீழே x² + x + 1. பின்பக்கத்தில் பரீட்சையில் வந்தது அப்படியே. பெருக்கலில் ஒரு தப்பும் இல்லை. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது, ஒற்றிக்கொள்ளவும் செய்தாள்.

தையல்நாயகி அம்மாள் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“சொல்லு சவுரி. வருமா, வராதா?”

“முப்பத்தேழு வரும்ங்கம்மா. பாஸுக்கு முப்பத்தஞ்சு.”

“ரெண்டு மார்க்தான் தள்ளியிருக்கு. நிச்சயமா?”

“ரெண்டு வழியில போட்டுப் பாத்துட்டேங்கம்மா. ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் வருது.”

அம்மாள் அவளையும் ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கியிருந்த கேள்வித்தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெட்ராஸ் பெண்ணின் விண்ணப்பத்தை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார். “போ, மணி அடிச்சாச்சு. கிளாஸுக்குப் போ” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போனாள். பரீட்சைதான் முடிந்துவிட்டதே, எதற்கு வந்தாள் என்று பாஞ்சாலிக்கே ஆச்சரியம். தேவசகாயமும் வந்திருந்தார், பழக்கம் விடவில்லை. சவுரியம்மாள் கேள்வித்தாளை விரித்து, கழித்துக் காட்டினாள். பாண்டுரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அடப்பாவமே! உங்களை ரெண்டு மூணு நாள் சாவடிச்சிட்டேனே டீச்சரம்மா. ரெண்டும் ஒண்ணுதான். வெறும் கான்ஸ்டன்ட்டுதான் வித்தியாசம்.”

“ஆமாங்க. C-ல அடங்கிடும்.”

“அடங்கிடும், அடங்கிடும்” என்றவர் நிறுத்தினார். முகம் மாறியது. பாஞ்சாலி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். இன்றைக்கு யார் ஜெயித்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“சார்,” என்றார் தேவசகாயம் மெதுவாக, “நீங்க C போட்டீங்களா?”

“−1/t வந்துது. t-ஐ மாத்தினேன். மணி அடிக்கப் போறான்னு அடுத்த பேஜுக்கு ஜல்தியா...” பாண்டுரங்கன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “போடலீங்க.”

தேவசகாயம்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் மூன்று பேரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். பாஞ்சாலியும் காரணம் தெரியாமலே சேர்ந்துகொண்டாள்.

“அதுக்கு ஒண்ணு, ஒண்ணரைக்கு மேல புடிக்க மாட்டாங்க சார். உங்க விடை அவங்க விடையேதான், ஒண்ணும் ஆவாது” என்று சவுரியம்மாள் ஆறுதல் சொன்னாள். சொல்லும்போது, செவ்வாய்க்கிழமை ரயிலில் அவர் முகம் எப்படி வாடியதென்று நினைவு வந்தது. இப்போது அவள் முகமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ரிசல்ட் டிசம்பரில் வந்தது. திண்டிவனத்தில் நியூஸ்பேப்பர் கடைக்கு வரத் தாமதமாகும் என்று பொறுக்காமல் காலை வண்டியிலேயே விழுப்புரம் வந்து இறங்கினாள். பிளாட்பாரத்தைக் கடந்து முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் டிக்கெட் கவுண்டரில் நின்றாள். அவளுக்கு முன்னால் நாலு பேர். பாண்டுரங்கன் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தலைகுனிந்து டிக்கெட்டில் தேதி அடித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் பேப்பர் மடித்துக் கிடந்தது. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், வரிசையில் முன்னால் நின்றவரின் தலைப்பாகை மறைத்தது. கண்ணையன் என்று யாரோ அந்தத் தலைப்பாகையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அது நகர்வதாக இல்லை. அவளுக்கு அந்தக் கண்ணையனை இன்னமும் பிடிக்காது.

ஒருவழியாக முறை வந்தது. பாண்டுரங்கன் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். ஒரு பிளாட்பாரம் டிக்கெட்டை எடுத்து, மேசைக்குக் கீழே குனிந்து ஏதோ எழுதி, ஜன்னல் வழியாகத் தள்ளினார்.

திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் மூன்று பரீட்சை நம்பர்கள். அவளுடையது, தேவசகாயத்தினது, அவருடையது. மூன்றும் பேப்பரில் வந்த, பாஸான நம்பர்கள். மூன்றுக்கும் கீழே வலது ஓரத்தில், மற்ற எழுத்தைவிடப் பெரிதாக, இரண்டு தடவை அழுத்தி எழுதியிருந்தது: + C.

ஜூனில் அவள் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போனாள். அதன் பிறகு காலண்டர் தாளை யார் வேண்டுமானாலும் கிழிக்கலாம் என்று ராயப்பனுக்கு அனுமதி கிடைத்தது. கம்பி மட்டும் அதே ஆணியில் தொங்கியது. அதன் நுனியில், எல்லாத் தாள்களுக்கும் மேலே, ஓட்டை போட்ட ஒரு பிளாட்பாரம் டிக்கெட், பின்பக்கம் வெளியே தெரியும்படி.